"15 நாளில் டெலிவரி" என்ற வாக்கை நம்பி 600 டி-ஷர்ட்டுகளுடன் நின்ற கதை

மதுரையில் கல்லூரி விழாக்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் டி-ஷர்ட் வாங்கிக் கொடுக்கும் தொழிலைச் செய்துவருகிறேன். 2024 செப்டம்பரில் திருப்பூரிலுள்ள ஒரு பனியன் கம்பெனியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் அறிமுகச் செய்தி வந்தது. துணியின் எடை, குறைந்தபட்ச ஆர்டர் அளவு, விலை ஆகியவற்றுக்குக் கீழே தடித்த எழுத்தில் "15 நாளில் டெலிவரி" என்று இருந்தது. அந்த ஒரு வரியை நம்பியதால் எனக்கு ஏற்பட்ட நட்டத்தையும், அந்த வரி எப்படிப் பொய்யானது என்பதையும், இதே தொழிலில் வாங்குபவர்களும் விற்பவர்களும் படிக்கவேண்டும் என்று விரிவாக எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. திருப்பூரிலிருந்து வருகிற அறிமுகச் செய்திகளில் பாதிக்கு மேல் இதே வரியோடுதான் என்னிடம் வருகின்றன.

ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் சந்திப்பு நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை நடப்பதாக இருந்தது. மெரூன் நிறத்தில் 600 டி-ஷர்ட்டுகள், நெஞ்சில் கல்லூரி முத்திரை, முதுகில் விழாவின் தேதி. திருப்பூர்க்காரர் 15 நாள் என்றதால், அதன்மேல் ஐந்து நாளைக் கூட்டி, 20 நாளில் கொடுத்துவிடுகிறேன் என்று கல்லூரிக்கு எழுதிக்கொடுத்தேன். அக்டோபர் 7 அன்று பாதிப் பணத்தை முன்பணமாக அனுப்பினேன். நிறத்துக்கான மாதிரித் துணித்துண்டையும் அன்றே கூரியரில் போட்டேன். விழாவுக்கு 34 நாள் இருந்ததால் அன்று இரவு நிம்மதியாகவே தூங்கினேன்.

இடையில் ஆயுத பூசை விடுமுறை வந்தது. லேப் டிப், அதாவது சாயப்பட்டறையில் சிறு துண்டில் நிறமேற்றிப் பார்க்கும் மாதிரி, அக்டோபர் 15 அன்றுதான் எனக்குக் கிடைத்தது. அது மெரூனாக இல்லாமல் செங்கல் நிறத்துக்குச் சாய்ந்திருந்தது. திருத்திய மாதிரி 18 அன்று வந்தது. அன்றே ஒப்புதல் சொல்லிவிட்டேன். பதினைந்து நாளில் பதினொரு நாள் போயிருந்தது, ஆனால் துணிக்குச் சாயம் ஏறவே தொடங்கவில்லை. திருப்பூர்க்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "ஏனுங்க சார் கவலப்படறீங்க, நாங்க பாத்துக்கறோமுங்க" என்றார். அதன்பின் நான் எப்போது அழைத்தாலும் கிடைத்த பதில் "இன்னும் ரெண்டு நாளுங்க" என்பதுதான்.

சாயம் ஏறிய துணி பட்டறையிலிருந்து வெளியே வந்தது அக்டோபர் 26 அன்று. 28 அன்று கட்டிங் முடிந்தது. மறுநாள் தையல்காரர்கள் போனஸ் வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. வெளியூர்த் தொழிலாளர்கள் திரும்பி வந்து பவர்டேபிளில் உட்கார, விழா முடிந்த மறுநாளாகிவிட்டது. சரக்கு என் கைக்கு வந்தது நவம்பர் 22, முன்பணம் கொடுத்ததிலிருந்து 46-ஆம் நாள். முதுகில் "நவம்பர் 10" என்று அச்சிட்ட சட்டையை யார் வாங்குவார்கள்? நினைவுக்காகக் கல்லூரி 210 சட்டைகளைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டது. மீதி 390-ம் என் கிடங்கில் இருக்கின்றன.

இது மோசடியா என்று பலர் கேட்டார்கள். பின்னர் திருப்பூருக்கே நேரில் போய், வேலை நடக்கும் வரிசையை ஒவ்வோர் இடமாகப் பார்த்த பிறகு எனக்குக் கிடைத்த பதில் சற்றுச் சிக்கலானது: அந்த 15 நாள் முழுப் பொய்யல்ல, அது வேறொரு ஆர்டருக்கு உண்மை. வெள்ளை, கருப்பு, நேவி நீலம் போன்ற நிறங்களில் சாயமேற்றிய துணி பல கம்பெனிகளில் கையிருப்பில் இருக்கும். அந்தத் துணியில் வெட்டி, அச்சிட்டு, தைத்து, செக்கிங், அயர்ன், பேக்கிங் முடித்து அனுப்ப 12 முதல் 15 நாள் போதும். அவர்களுடைய மிக வேகமான வேலையின் கணக்கை எடுத்து, எல்லா வேலைக்கும் பொதுவான வாக்காகச் செய்தியில் போட்டிருந்தார்கள். நான் மெரூன் என்று சொன்ன பிறகும் அந்த எண்ணை மாற்றாமலே விலைப்புள்ளி அனுப்பினார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

நிறமேற்ற வேண்டிய ஆர்டரில் தாமதம் எங்கே பிறக்கிறது என்பதை அறிந்துகொண்டால் எந்த வாக்கையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். இயந்திரம் ஓடும் நேரத்தை மட்டும் கூட்டினால் என் ஆர்டருக்குச் சுமார் பத்து நாள்தான் வரும். நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் ஒரு நாள், சாயம் ஏறுவது ஏறத்தாழ பத்து மணி நேரம், பிழிந்து உலர்த்தி, துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தும் காம்பாக்டிங் செய்ய ஒரு நாள் என்று கணக்கு அழகாகவே போகும். ஆனால் திருப்பூரில் இந்த வேலைகள் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நிட்டிங் ஒருவரிடம், சாயம் இன்னொருவரிடம், அச்சு மூன்றாமவரிடம் என்று எல்லாம் ஜாப் ஒர்க்காகப் போகின்றன. ஒவ்வோர் இடத்திலும் நம் துணி அங்கே முன்பே காத்திருக்கும் துணிகளுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும். எனவே நாட்களைத் தின்பது வேலையைவிடக் காத்திருப்புதான், அதிலும் சாயப்பட்டறை வாசலில் நிற்கும் காத்திருப்பு.

அதற்குக் காரணம் உண்டு. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு வந்தால்தான் பட்டறை ஓடலாம் என்ற நிலை அதன்பின் உறுதியானது. பல பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்திருப்பதால், அங்கே எவ்வளவு நீரைச் சுத்திகரிக்க முடியுமோ அதற்குள்தான் சாயமேற்ற முடியும். தீபாவளிக்கு முன் ஆர்டர் குவிகிறது என்பதற்காக அந்த அளவை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்க எவராலும் ஆகாது. (ஆற்றைக் கெடுத்துவிட்டு விரைந்து வரும் சட்டையைவிட இது மேல் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அந்தத் தாமதத்தை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும் என்பதுதான் என் வாதம்.)

இதில் நான் தலைகீழாகப் புரிந்துகொண்ட இன்னொன்றும் உண்டு. சிறிய ஆர்டர் என்பதால் விரைவில் முடியும் என்று நம்பியிருந்தேன். 600 சட்டைக்கு, சேதாரம் சேர்த்து, ஏறத்தாழ 140 கிலோ துணி வேண்டும். பட்டறையிலோ பெரிய இயந்திரங்கள் 250 கிலோவுக்கும் அதற்கு மேலும் கொள்பவை. அரைகுறையாக நிரப்பி ஓட்டினால் தண்ணீரும் சாயமும் வீணாகும், துணிக்கும் நீருக்குமுள்ள விகிதம் மாறுவதால் நிறமும் மாறிவிடலாம். ஆகவே சிறிய இயந்திரம் காலியாகும் வரையிலோ, அதே நிறத்தில் இன்னொருவரின் துணி சேரும் வரையிலோ நம் துணி மூலையில் கிடக்கும். மெரூன் போன்ற அடிக்கடி வராத நிறம் என்றால் அந்தத் துணை கிடைப்பதும் அரிது.

இவற்றையெல்லாம் சேர்த்து என் ஆர்டருக்கு நானே இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிறம் ஒப்புதலாகும் நாளுக்குள் நிட்டிங் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து சாயத்துக்கு, காத்திருப்பு உட்பட, எட்டு நாள். காம்பாக்டிங் செய்து, பின்னல் துணியின் இழுவிசை அடங்க ஒரு நாள் பரப்பி வைப்பதற்கு இரண்டு நாள். கட்டிங் ஒரு நாள், அச்சுக்கு மூன்று, தையலுக்கு நான்கு, செக்கிங் முதல் பேக்கிங் வரை மூன்று, மதுரைக்கு லாரி பார்சலில் இரண்டு. மொத்தம் 23 நாள் வருகிறது. இதில் எதிர்பாராத தடங்கல் எதையும் சேர்க்கவில்லை. எனவே "நிறம் ஒப்புதலான நாளிலிருந்து 30 நாள்" என்பதே நேர்மையான வாக்கு. என் ஒப்புதல் நாளான அக்டோபர் 18-லிருந்து எண்ணினால், தீபாவளி விடுமுறையே இல்லையென்றாலும் அது நவம்பர் 17 ஆகும். விழாத் தேதிக்கு அந்த ஆர்டர் முதல் நாளிலிருந்தே எட்டாததாக இருந்திருக்கிறது.

எனக்கு மிகவும் உறுத்துவது இனி வருவதுதான். அதே செப்டம்பர் வாரத்தில் வேறொரு கம்பெனியும் எனக்கு அறிமுகச் செய்தி அனுப்பியிருந்தது. "கையிருப்பு நிறம் என்றால் 15 நாள். நிறமேற்ற வேண்டுமானால் லேப் டிப் ஒப்புதலான நாளிலிருந்து 30 நாள். தீபாவளியையொட்டிய இரண்டு வாரம் கணக்கில் சேராது" என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார்கள். மந்தமான கம்பெனி என்று ஒதுக்கிவிட்டு 15 நாள் சொன்னவரிடம் போனேன். என்னைப்போல் வாங்குபவர்கள் இருக்கும்வரை விற்பவர்கள் 15 என்றுதானே எழுதுவார்கள்?

உண்மை அக்டோபர் 18 அன்று தெரிந்திருந்தால்கூட விழா தப்பியிருக்கும். திருப்பூர் காதர்பேட்டையில் தயாராகத் தைத்த கருப்பு டி-ஷர்ட்டுகளை மொத்தமாக வாங்கி, நான்கைந்து நாளில் அச்சடித்து, தீபாவளிக்கு முன்பே மதுரைக்குக் கொண்டுவந்திருக்கலாம். மெரூனுக்குப் பதில் கருப்பு என்றால் கல்லூரிக்காரர்கள் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவே. ஆனால் "இன்னும் ரெண்டு நாளுங்க" என்ற பதில் ஒவ்வொரு முறையும் அந்த மாற்று வழியைத் தள்ளிப்போட வைத்தது. சாயம் ஏறிய பிறகு ஆர்டரை ரத்து செய்யவும் முடியாது, முன்பணமும் திரும்பாது.

அதனால் இப்போது எந்த அறிமுகச் செய்தி வந்தாலும் நாள் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று பார்க்கிறேன்: முன்பணத்திலிருந்தா, நிறத்தின் ஒப்புதலிலிருந்தா, துணி கைக்கு வந்ததிலிருந்தா. சரக்கு வந்த பிறகு நான் சண்டை போட்டபோது அந்தக் கம்பெனிக்காரர், "துணி வந்ததுல இருந்துதானுங்க பதினஞ்சு நாளு" என்றார். அதன்படி பார்த்தாலும் நவம்பர் 10 தாண்டாது, அதையும் அவர் காப்பாற்றவில்லை என்பது வேறு. அடுத்து, என் துணி எந்தத் தேதியில் சாயத்துக்குப் போகும் என்று கேட்கிறேன். பட்டறையில் இடம் பேசி வைத்திருப்பவர் ஒரு தேதியைச் சொல்வார். பேசாதவர் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

கல்லூரிகளுக்கு நான் அனுப்பும் செய்தியையும் மாற்றிவிட்டேன். "20 நாள்" என்ற வரி இருந்த இடத்தில் இப்போது, "கையிருப்பு நிறங்கள்: முன்பணம் வந்த நாளிலிருந்து 18 நாள். நீங்கள் சொல்லும் நிறம்: நிறத்தை நீங்கள் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 35 நாள். ஒப்புதலுக்கு முன் மாதிரிகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். தீபாவளி, பொங்கலையொட்டிய விடுமுறை நாட்கள் இதில் சேராது" என்று எழுதுகிறேன். இதை அனுப்பத் தொடங்கியபின் இரண்டு கல்லூரிகள் வேறொருவர் 15 நாளில் தருகிறாராம் என்று சொல்லி விலகிவிட்டன. மூன்றாவது கல்லூரியின் பேராசிரியர், ஏன் இத்தனை நாள் என்று கேட்டார். மேலே சொன்ன கணக்கை வரிசையாக எழுதி அனுப்பினேன். விழாவை மாற்ற முடியாது, நிறத்தை மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லி நேவி நீலத்துக்கு ஆர்டர் கொடுத்தார்.