அல்சூரில் ஆறாவது மாவு பிராண்டு தேவையா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனைக் கடைக் குளிர்பெட்டியில் ஐந்து பிராண்டு இட்லி மாவு இருக்கிறது. புளித்து உப்பிய பாக்கெட்டைப் பின்னால் தள்ளி, இன்றைய தேதியைத் தேடி எடுப்போம். ஆறாவது பிராண்டு வரலாமா?

சந்தை லாபத்தை மட்டும் பார்க்கும். கணக்குக்காக, புதியவர் தினம் 500 பாக்கெட் விற்கிறார், பாக்கெட்டுக்கு 10 ரூபாய் மிச்சம், அரவை இயந்திரம், வாடகை எல்லாம் சேர்ந்து நாளுக்கு 4,000 ரூபாய் என்று வைப்போம். லாபம் 1,000. வந்துவிடுவார்.

சமூகக் கணக்கு வேறு. அந்த 500-ல் 400 பழைய பிராண்டுகளிடமிருந்து பறித்தது. அவர்களுக்கும் பாக்கெட்டுக்கு 10 ரூபாய் மிச்சம் என்றால், இழப்பு 4,000. புது ருசியால் வாங்குபவர்களுக்குக் கூடுதல் பயன் 1,500 என்றாலும், நிகரம் 1,500 ரூபாய் நஷ்டம். இங்கே ஐந்தே போதும்.

சரி, அப்படியானால் பிராண்டுகள் எப்போதும் அதிகமா? இல்லை. கேழ்வரகு மாவை எடுங்கள். 300 பாக்கெட்தான் போகும், மிச்சம் 3,000, செலவு அதே 4,000. யாரும் போடமாட்டார்கள். ஆனால் அந்த 300 பேரும் இதுவரை மாவே வாங்காதவர்கள், விலைக்கு மேல் சராசரியாக 15 ரூபாய் தரவும் தயார் என்றால், அவர்கள் பயன் 4,500. நிகர லாபம் 3,500. அந்தப் பயன் தயாரிப்பவர் கல்லாவுக்கு வராததால் பிராண்டே பிறப்பதில்லை.

என் பார்வையில், எண்ணிக்கையைவிட, புது பாக்கெட்டை வாங்குபவர் நேற்று எதை வாங்கினார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.