26 டெசிபெல் பூஸ்டரோடு ஏழு வருடம்

புதுக்குடியிருப்பில் எங்கள் முற்றத்தில் நட்ட இரும்புக் குழாயின் உச்சியில் ரீவிக்கான யூஎச்எஃப் அன்ரனா ஒன்று நிற்கிறது. அதற்கு ஒரு முழம் கீழே, மழை படாத சின்னப் பெட்டிக்குள் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். 2018 மாரிக்கு முன் ஏற்றியது, இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. பெட்டி அட்டையில் இரண்டு எண்கள் இருந்தன: பெருக்கம் 26 டெசிபெல், அதிகபட்ச வெளியீடு 103 `dBµV`. வாங்கிய நாளில் முதல் எண்ணை மட்டும் பார்த்தேன். இரண்டாவது எண்ணின் அர்த்தம் விளங்க மூன்று வருடம் போனது. அதுவும் முறிகண்டியில் அக்கா வீட்டுக் கூரையில் ஏறிய பிறகுதான் விளங்கியது.

எங்கள் பக்கத்துக்கு அலை வருவது கொக்காவில் கோபுரத்திலிருந்து. முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், A9 பாதையோரம் நிற்கிறது. 1990இல் அழிந்துபோய், 2011இல் திரும்பக் கட்டியது. புதுக்குடியிருப்புக்கு அது தூரம். அலை மெலிந்துதான் வந்து சேரும். முறிகண்டியில் அண்ணாந்து பார்த்தாலே கோபுரம் தெரியும். ஒரே பூஸ்டர் இந்த இரண்டு இடத்திலும் எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் மீற்றர். கையடக்கமான சிக்னல் மீற்றர் ஒன்றும் வாங்கினேன். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் மில்லிவோல்ட் காட்டும், இன்னொரு முறை அழுத்தினால் `dBµV` காட்டும். பின்னது, 1 மைக்ரோவோல்ட்டை 0 என்று வைத்து எண்ணுவது. எங்கள் வீட்டில் மெலிந்த அலைவரிசை அன்ரனாவில் 0.2 மில்லிவோல்ட். பூஸ்டருக்குப் பிறகு 4 மில்லிவோல்ட். இருபது மடங்கு. சரி, இதை டெசிபெல்லாக்கிப் பார்ப்போம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபடி மடக்கை எடுத்து பத்தால் பெருக்கினேன்:

```
10 log(20) = 13
```

அட்டையில் 26, எனக்கு வந்தது 13. பாதிதான் தருகிறது என்று பூஸ்டரைக் கழற்றி, கிளிநொச்சியில் வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் பொறுமையாக என் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, நீங்கள் அளந்தது வோல்ற்றளவு. பத்து போடுறது வலுவுக்கு. வோல்ற்றளவுக்கு இருபது" என்றார்.

வலு, வோல்ற்றளவின் வர்க்கத்தோடு போகும். வோல்ற்றளவு 20 மடங்கானால் வலு 400 மடங்காகும். மடக்கையில் வர்க்கம் வெறும் இரட்டிப்பாக இறங்கிவிடும், அதனால்தான் பத்து இருபதாகிறது:

```
20 log(20)  = 26
10 log(400) = 26
```

இரண்டு வழியிலும் ஒரே 26. ஒரு கருவிக்கு வோல்ற்றளவு டெசிபெல் ஒன்று, வலு டெசிபெல் வேறொன்று என்று கிடையாது, உள்ளேயும் வெளியேயும் தடை ஒன்றாக இருக்கும்வரை. எங்கள் வேலையில் எல்லாமே 75 ஓம், அதனால் அந்தக் கவலை இல்லை.

அதற்குப் பிறகு கல்குலேற்றரைத் தொடுவது குறைந்துவிட்டது. வோல்ற்றளவுக்கு 6 டெசிபெல் என்றால் இரண்டு மடங்கு, 20 என்றால் பத்து மடங்கு. இந்த இரண்டும் மனதில் இருந்தால் போதும். 26 என்பது 20உம் 6உம், ஆகவே பத்தை இரண்டால் பெருக்க இருபது. 14 என்பது 20இல் 6 குறைய, ஆகவே பத்தை இரண்டால் பிரிக்க ஐந்து. வலுவுக்கு இதே இடத்தில் 3உம் 10உம்.

இனி எங்கள் வீட்டுச் சங்கிலி. அன்ரனாவில் வரும் 0.2 மில்லிவோல்ட், `dBµV` கணக்கில் 46. பூஸ்டரிலிருந்து கீழே 30 மீற்றர் ஆர்ஜி6 கேபிள். இந்தக் கேபிள் யூஎச்எஃப் மேல்பகுதியில் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 20 டெசிபெல் தின்னும், ஆகவே 6 போகும். பிறகு இரண்டு வழி ஸ்பிளிட்டர், 4 போகும். பொருத்திகளுக்கு எல்லாம் சேர்த்து 1.

```
46 + 26 - 6 - 4 - 1 = 61 dBµV
```

ரீவிக்குப் பின்னால் மீற்றரைப் பிடித்தால் 61, சில நாள் 60. இதையே மடங்கில் செய்தால் 20 × 0.5 × 0.63 × 0.89, ஏறத்தாழ 5.6 மடங்கு. 0.2 மில்லிவோல்ட் 1.1 மில்லிவோல்ட் ஆகியிருக்கும். விடை ஒன்றுதான், ஆனால் மடங்குக் கணக்கைக் கூரையில் நின்று மனதால் போட ஏலாது. கூட்டல் கழித்தல் யாருக்கும் வரும்.

கூட்டலில் ஒரு கண்ணி இருக்கிறது. எதை முன்னே வைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது. முதல் மாதம், ஏறி இறங்கச் சுகம் என்று பூஸ்டரைக் கீழே, வீட்டுக்குள், கேபிள் முடிகிற இடத்தில் வைத்திருந்தேன். 46இல் கேபிளுக்கு 6 கழித்து, பிறகு 26 கூட்டினாலும் ரீவியில் அதே 61தான். மீற்றர் அதைத்தான் காட்டியது. படத்தில் மட்டும் மணல் தூவியது போல புள்ளிகள். பூஸ்டர் தன் பங்குக்கு ஒரு இரைச்சலைச் சேர்க்கும். அதன் வாசலில் அந்த இரைச்சலின் அளவு ஏறத்தாழ 5 என்று வையுங்கள். உச்சியில் இருந்தால் சிக்னல் 46, இரைச்சல் 5, இடைவெளி 41. கீழே இருந்தால் சிக்னல் 40ஆக மெலிந்து வரும், இரைச்சல் அதே 5, இடைவெளி 35. பிறகு எவ்வளவு பெருக்கினாலும் இரண்டும் சேர்ந்தே பெருகும், இழந்த 6 திரும்பி வராது. குழாயில் ஏறி பூஸ்டரை அன்ரனாவுக்குக் கீழே கட்டிய அன்றே புள்ளி போய்விட்டது. மீற்றர் எண் அசையவில்லை.

கணக்கைத் தாளில் எழுதி ரீவிக்குப் பின்னால் ஒட்டியிருந்தேன். இரண்டாவது மாரியில் அது கைகொடுத்தது. கார்த்திகை மழை விட்டதும் ரீவியில் 49. 12 குறைவு, அதாவது வோல்ற்றளவு காலாகிவிட்டது. பூஸ்டர் பழுது என்று அயலவர் எல்லோரும் சொன்னார்கள். மேலே ஏறி பூஸ்டர் வாயில் அளந்தேன்: 72, இருக்க வேண்டியதே. கேபிளின் கீழ்முனையில் 66 இருக்க வேண்டும், 54 இருந்தது. பன்னிரண்டும் கேபிளுக்குள்தான். மேல்முனைப் பொருத்தியைக் கழற்றினால் நடுக்கம்பி கறுத்து, பின்னல் பச்சை பூத்து, சொட்டுத் தண்ணி. ஒரு சாண் வெட்டி எறிந்து, புதுப் பொருத்தி போட்டு, கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டுக் கட்டினேன். இப்போது தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், பொருத்திக்குள் போகாது.

முறிகண்டிக் கதைக்கு வருகிறேன். "உன்ர வீட்டில மாதிரியே பூட்டித் தா தம்பி" என்று அக்கா கேட்டா. அதே அன்ரனா, அதே பூஸ்டர் இன்னொன்று, 15 மீற்றர் கேபிள், ஒரு ரீவி. பூட்டி முடித்ததும் எல்லா அலைவரிசையிலும் சாய்ந்த வரிகள், ஒரு படத்துக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு படம். அத்தான் பார்த்துவிட்டு, "சிக்னல் காணாது போல, இன்னும் பெரிய பூஸ்டர் போடுவமே?" என்றார்.

அன்ரனாவில் நேரடியாக அளந்தேன்: 88. அது 25 மில்லிவோல்ட், எங்கள் வீட்டைவிட 125 மடங்கு. கூடிப்போனதுதான் பிரச்சினை என்று விளங்கியது. உடனே 20உம் 10உமாக இரண்டு குறைப்பான்களை ரீவி வாசலில் திருகினேன். அட்டனுவேட்டர் என்று கடையில் கேட்டால் தருவார்கள், விரல் நுனி அளவு உலோக உருளை. கணக்குப்படி 88 + 26 − 3 − 1 − 30, ஆக 80 வர வேண்டும், அது நல்ல அளவு. மீற்றர் 73 காட்டியது. படம் அப்படியே கெட்டுத்தான் கிடந்தது.

அந்தக் காணாமல்போன 7 டெசிபெல்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. 88ஓடு 26ஐக் கூட்டினால் 114. பூஸ்டரால் சுத்தமாகத் தர முடிந்தது 103, அட்டையின் இரண்டாவது எண். அதற்கு மேல் அது திணறும், அலைவரிசைகளை ஒன்றோடொன்று கலந்துவிடும். கலந்ததை ரீவி வாசலில் குறைத்தால், கலப்படமும் சேர்ந்துதான் குறையும்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பூஸ்டருக்கு முன்னால், அன்ரனாப் பக்கம், 10 டெசிபெல் குறைப்பானைப் போட்டு வெளியீட்டை அளக்க வேண்டும். திணறாத பூஸ்டர் என்றால் வெளியீடும் சரியாக 10 இறங்கும். எனக்கு 107இலிருந்து 103க்கு, 4தான் இறங்கியது. அந்த இடத்தில் 20ஐப் போட்டபோது 94. இப்போது கணக்கும் மீற்றரும் ஒத்துப்போயின, வரிகளும் போய்விட்டன. மூன்று அலைகள் கலந்து உண்டாகும் குப்பை, உள்ளே வருவது 1 டெசிபெல் குறைந்தால் தான் 3 குறையும். அதனால்தான் முன்னால் வைக்கும் குறைப்பான் இவ்வளவு வேலை செய்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: உச்சிப் பூஸ்டருக்கு வேண்டிய மின்சாரம், கீழே உள்ள மின்பெட்டியிலிருந்து அதே சிக்னல் கேபிள் வழியாகவே மேலே போகிறது. சாதாரணக் குறைப்பானை மின்பெட்டிக்கும் பூஸ்டருக்கும் நடுவில் போட்டால் அந்த மின்சாரம் தடைப்படும். அன்ரனாப் பக்கம் அந்தத் தொல்லை இல்லை.

அன்று இரவு அக்காவின் குசினி மேசையில் தாளைத் திரும்பப் பார்த்தேன். முன்னால் 20 குறைத்து, பின்னால் 26 கூட்டுகிறேன். மிச்சம் வெறும் 6. எதற்கு? அடுத்த நாள் பூஸ்டரைக் கழற்றி, மின்பெட்டியையும் எடுத்துவிட்டேன். 88 − 3 − 1, ஆக 84, அதற்கு ஒரு 10 குறைப்பான். ரீவியில் 74, படம் கண்ணாடி மாதிரி.

போன மாதம் மருமகன் ரோட்டோரக் கடைக்கும் ஒரு இணைப்புக் கேட்டான். 80 மீற்றர் கேபிள், அதற்கு மட்டும் 16 போகும், அந்தப் பூஸ்டரைத் திரும்பப் பூட்டுவோம் என்றான். தாளில் போட்டோம்: 88இல் ஸ்பிளிட்டருக்கு 4, கேபிளுக்கு 16, பொருத்திக்கு 1 கழிக்க 67. குறைப்பானை ஸ்பிளிட்டருக்குப் பிறகு வீட்டுப் பக்கம் மாற்றினோம், அங்கே 70. மறுநாள் கேபிளை இழுத்து அளந்தபோது கடையில் 66 இருந்தது. பூஸ்டர் அக்காவின் அலுமாரியில்தான் இருக்கிறது.