38 ரூபாய் பாக்கியை விட்டுக்கொடுக்கும் செய்தி: எந்த வரைவு தேறும்?

எங்கள் பகுதி இணையச் சேவை அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். மூன்று வருட வாடிக்கையாளர் ஒருவர் வீடு மாறிப் போனார். கடைசிப் பில்லுக்கு ரவுண்டான தொகையாகக் கட்டியதில் 38 ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. ஆளனுப்பி வசூலித்தால் பெட்ரோலுக்கே போதாது. சரி, விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. அப்புறம் அவருக்கு என்ன எழுதுவது? இரண்டு வரைவுகள் வந்தன.

முதலாவது: "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் நிலுவைத் தொகை ரூ.38 நல்லெண்ண அடிப்படையில் தள்ளுபடி செய்யப்பட்டு கணக்கு மூடப்படுகிறது."

இரண்டாவது: "வணக்கம். மூன்று வருடம் எங்களோடு இருந்தீர்கள், மிக்க நன்றி. உங்கள் கணக்கில் இருந்த ரூ.38-ஐ எங்கள் அன்பளிப்பாக விட்டுவிட்டோம். கணக்கை முடித்துக்கொள்கிறோம். மறுபடி வருவீர்கள் என்று நம்புகிறோம்."

முதலாவதில் எல்லாத் தகவலும் இருக்கிறது. ஆனால் "நிலுவை", "தள்ளுபடி" இரண்டும் சேர்ந்தால் பயிர்க்கடன் நினைவுதான் வரும். ஒழுங்காகக் கட்டிவந்தவரைக் கடனாளி ஆக்குகிறது. "நல்லெண்ண அடிப்படையில்" என்பதும் நம் கணக்குப் புத்தகத்துக்கான சொல், அவருக்கானது அல்ல. "மூடப்படுகிறது" என்றால் யாரோ ஷட்டரை இழுப்பது போலிருக்கிறது.

இரண்டாவது இதமாகத்தான் தொடங்குகிறது. இடறுவது "அன்பளிப்பு". 38 ரூபாய்க்கு அந்தச் சொல்லைப் போட்டால் படிப்பவருக்குச் சிரிப்பு வரும், ரோஷக்காரர் என்றால் உடனே ஜிபேயில் அனுப்பிவிடுவார். கணக்கு எந்தத் தேதியில் முடிந்தது என்பதும் இல்லை. பிறகு ஒரு தகராறு வந்தால் தேடப்போவது அந்தத் தேதியைத்தான்.

செலவும் பார்க்க வேண்டும். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 எழுத்துதான் பிடிக்கும்; நீண்டால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனியாக எண்ணப்படும். முதலாவது இரண்டு எஸ்எம்எஸ், இரண்டாவது மூன்று.

"கணக்கு முடிந்தது. பாக்கி இல்லை. நன்றி." என்று ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடக்கவும் பார்த்தோம். 38 ரூபாய் ஞாபகமுள்ளவர் இதைத் தப்பு என்று நினைத்துக் கூப்பிடுவார். விட்டோம்.

கடைசியில் அனுப்பியது இது: "உங்கள் இணையக் கணக்கு மே 12-ல் முடிந்தது. மீதி ரூ.38 கட்ட வேண்டாம், பாக்கி எதுவும் இல்லை. நன்றி." இரண்டே எஸ்எம்எஸ். தேதி, தொகை, இனி எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற மூன்றும் வந்துவிட்டன. லிங்க் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பணத்தைப் பற்றிய செய்தியில் லிங்க் இருந்தால் இன்று யாரும் நம்புவதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி இந்த வாசகத்தையும் வணிக எஸ்எம்எஸ்களுக்கான டிஎல்டி பதிவுத் தளத்தில் முன்பே பதிய வேண்டும். தேதி, தொகை வரும் இடங்களை மட்டும் மாறும் இடங்களாகக் குறிக்க வேண்டும்.

ஆனால் அனுப்பும் முன் லெட்ஜரில் அந்த 38-ஐ வாராக்கடனில் எழுதி பூஜ்யமாக்கியிருக்க வேண்டும். நாங்கள் மறந்தோம். அடுத்த மாதம் 5-ம் தேதி அவருக்குத் தானாகவே ஒரு நினைவூட்டல் போனது: "ரூ.38 உடனே செலுத்தவும்."