பில்லில் உள்ள ஜிஎஸ்டி நம்பர் 'Active' என்று வந்தாலும் ஏமாறலாம்

பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி நம்பரை அரசு போர்ட்டலில் போட்டுப் பார்க்கிறவர்கள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலானோர் பச்சையாக 'Active' என்று வந்ததும் ஜன்னலை மூடிவிடுகிறார்கள். போலி பில் அடிப்பவருக்கும் அது தெரியும். அதனால் அவர் நம்பரைக் கற்பனையில் உருவாக்குவதில்லை. வேறு யாரோ ஒருவரின் நிஜ நம்பரை எடுத்துத் தன் பில்லில் அச்சடித்துக்கொள்கிறார். ஜிஎஸ்டி நம்பர் ரகசியமானதல்ல, எந்தக் கடையின் பில்லிலும் இருக்கும்.

வேளச்சேரியில் உள்ள ஒரு சிறிய டிசைன் அலுவலகம் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. ஏப்ரலில் ஐந்து கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பில்லில் பொருளின் விலை 3,00,000. சிஜிஎஸ்டி 9 சதவீதம் 27,000, எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் 27,000. மொத்தம் 3,54,000. பில்லின் தலைப்பில் கம்பெனி பெயர், அதன் கடைசியில் 'பிரைவேட் லிமிடெட்'. நம்பர் 33 என்று தொடங்கியது. போர்ட்டலில் போட்டார்கள், Active என்று வந்தது. பணத்தை அனுப்பிவிட்டார்கள்.

சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களை வாங்கியவருக்குப் போர்ட்டல் பட்டியலிட்டுத் தருவது GSTR-2B. மே 14 வாக்கில் வர வேண்டிய ஏப்ரல் மாத GSTR-2B-யில் அந்தப் பில் இல்லை. அது அங்கே வராவிட்டால் 54,000 ரூபாய் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. 2022 ஜனவரி 1 முதல் சட்டமே அப்படித்தான். கடைக்காரருக்குப் போன் செய்ததற்கு, "சார், நாங்க குவார்ட்டர்லி ரிட்டர்ன் சார், ஜூலைலதான் ஏறும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 5 கோடிக்குக் கீழே விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம் என்பது உண்மை. ஜூலையிலும் ஏறவில்லை. அப்போதுதான் அவர்களுடைய அக்கவுண்டன்ட் போர்ட்டலை மறுபடி திறந்து கீழே வரை படித்தார்.

அவர் பார்த்ததை வரிசையாகச் சொன்னால், நீங்களும் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

முதலில் தளம். www.gst.gov.in என்று நீங்களே தட்டச்சு செய்து போங்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்கையோ ஸ்கிரீன்ஷாட்டையோ நம்ப வேண்டாம். கூகுளில் முதலில் வரும் தனியார் தேடல் தளங்களில் பழைய தகவல் கிடக்கும், போன மாதம் ரத்தான நம்பரைக்கூட Active என்று காட்டலாம். முகப்பில் `Search Taxpayer` என்ற மெனுவில் `Search by GSTIN/UIN` இருக்கிறது. லாகின் தேவையில்லை. 15 எழுத்தையும் போட்டு, படத்தில் தெரியும் எண்களை நிரப்பினால் விவரம் வந்துவிடும்.

தவறான நம்பர் என்று வந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். மங்கலாக அச்சான பில்லில் பூஜ்ஜியமும் O எழுத்தும் ஒன்றுபோல் இருக்கும். நம்பரின் அமைப்பு இப்படி:

```
33 XXXPX0000X 1 Z X
```

முதல் இரண்டு இடம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் நம்பர்: ஐந்து எழுத்து, நான்கு எண், ஒரு எழுத்து. பதின்மூன்றாவது இடம் அதே பானில், அதே மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது. பிறகு பெரும்பாலும் Z. கடைசி இடம் சரிபார்ப்புக்கானது, அது எண்ணாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். ஆகவே பான் பகுதியில் எது பூஜ்ஜியம், எது O என்பதில் குழப்பமே வராது. கடைசி இடத்தில்தான் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்தப் பான் பகுதியின் நான்காவது எழுத்தைக் கவனியுங்கள். தனிநபர் என்றால் P, கம்பெனி என்றால் C, கூட்டு நிறுவனம் என்றால் F. வேளச்சேரி பில்லில் தலைப்பு 'பிரைவேட் லிமிடெட்', நம்பரில் நான்காவது எழுத்து P. இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. போர்ட்டலைத் திறக்காமல், பில்லைக் கையில் வைத்துக்கொண்டே பிடித்திருக்கலாம்.

போர்ட்டலில் விவரம் வந்ததும் `Legal Name of Business`, `Trade Name` இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தனிநபர் நடத்தும் கடை என்றால் முதலாவதில் முதலாளியின் சொந்தப் பெயர்தான் இருக்கும், கடைப் பெயர் இரண்டாவதில். எனவே பில்லில் 'முருகன் எலக்ட்ரானிக்ஸ்' என்றிருக்க, மேலே ஓர் ஆளின் பெயர் வந்தால் பதற வேண்டியதில்லை. Trade Name பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்த வழக்கில் இரண்டுமே பொருந்தவில்லை. `Principal Place of Business` கரூர். சரக்கு விவரத்தில் இருந்தது துணி. கரூரில் ஒழுங்காகத் தொழில் செய்துகொண்டிருந்த யாரோ ஒருவரின் நம்பர் அது.

முகவரி வேறாக இருந்தாலே மோசடி என்று முடிவுகட்டவும் கூடாது. ஒரே நம்பரில் மாநிலத்துக்குள் பல கிளைகள் நடத்தலாம். சந்தேகம் வந்தால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், REG-06 என்ற படிவம். அதன் இணைப்பு A-யில் கூடுதல் கிளைகளின் முகவரி எல்லாம் இருக்கும். இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும், வாசல் பெயர்ப் பலகையில் நம்பரை எழுத வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 18 சொல்கிறது. பலகையில் ஒரு நம்பரும் பில்லில் ஒரு நம்பரும் இருந்தால், அங்கேயே நின்று காரணம் கேட்கலாம். பழைய பில் புத்தகத்தைத் தீர்க்கிறோம் என்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும்: தனி ஆளாக நடத்திய கடையைக் கூட்டாளியோடு சேர்ந்து நடத்தத் தொடங்கினால் பான் மாறும், ஜிஎஸ்டி நம்பரும் மாறும். ஆனால் ரத்தான பழைய நம்பரில் வரி வாங்க அவருக்கு உரிமை இல்லை. புது நம்பரில் பில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து `Taxpayer Type`. `Regular` என்றிருந்தால் சரி. `Composition` என்றிருந்தால் அவர் சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருக்கிறார். அவர் உங்களிடம் ஒரு பைசா ஜிஎஸ்டி வாங்கக் கூடாது, வரி சேர்க்காத பில்லான 'பில் ஆஃப் சப்ளை'தான் தர முடியும். நம்பர் நிஜம், பெயர் நிஜம், கடையும் நிஜம், ஆனால் 18 சதவீதம் அவர் பைக்குப் போகிறது. சென்னையில் சாதாரண வாடிக்கையாளர் பணம் இழப்பது இதில்தான் அதிகமாக இருக்கும் என்பது என் கணிப்பு. நிலை `Suspended` என்றிருந்தாலும் அவர் வரி பில் போடக் கூடாது. `Cancelled` என்றால், ரத்து அமலுக்கு வந்த தேதியைப் பில் தேதியோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, யாரும் அழுத்திப் பார்க்காத ஒரு பட்டன்: `Show Filing Table`. விற்பனைப் பில்களைக் காட்டும் ரிட்டர்ன் GSTR-1, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன் GSTR-3B. இந்த இரண்டையும் எந்த மாதத்துக்கு எந்தத் தேதியில் போட்டிருக்கிறார் என்று அட்டவணை வரும். 'குவார்ட்டர்லி' கதை உடைந்தது இங்கேதான். மூன்று மாதக் கணக்குக்காரருக்கு GSTR-3B வரிசையில் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மட்டும்தான் இருக்கும். அந்த நம்பருக்கோ பிப்ரவரி, ஏப்ரல், மே என்று ஒவ்வொரு மாதமும் தனித்தனியாகப் போட்டிருந்தது. கரூர்க்காரர் மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர். இதை மே மாதமே பார்த்திருந்தால், போனை எடுத்துப் பேசிக்கொண்டிருந்த கடைக்காரர் கையில் இருக்கும்போதே பிடித்திருக்கலாம். ஜூலையில் போன் எடுக்க ஆள் இல்லை.

இந்த அட்டவணைக்கும் ஓர் எல்லை உண்டு. ரிட்டர்ன் போட்டார் என்று காட்டுமே தவிர, உங்கள் பில்லை அதில் சேர்த்தாரா என்று காட்டாது. அதைச் சொல்வது உங்கள் 2B மட்டும்தான். அதனால் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் புதிய சப்ளையரிடம் வாங்கும்போது, பொருளின் விலையை முதலில் கொடுத்துவிட்டு, வரித் தொகையை 2B-யில் ஏறியதும் தருகிறேன் என்று ஆர்டர் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளலாம். ஒழுங்கான வியாபாரி முணுமுணுப்பார், ஆனால் ஒத்துக்கொள்வார். எந்தக் கணக்குக்குப் பணம் போகிறது என்பதையும் பாருங்கள். வங்கிக் கணக்கின் பெயரோ யூபிஐயில் வரும் பெயரோ Legal Name அல்லது Trade Name உடன் பொருந்த வேண்டும். வேளச்சேரிப் பணம் போனது மூன்றாவதாக ஒரு பெயருக்கு.

ஏமாந்த பிறகு என்ன செய்வது? அடுத்தவர் நம்பரில் பில் போடுவது சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 122-இல் தனியாகவே சொல்லப்பட்ட குற்றம். அபராதம் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, எது அதிகமோ அது. போர்ட்டலில் தெரியும் அதிகார எல்லை அந்த நம்பரின் உண்மையான சொந்தக்காரருக்கு உரியது, கரூர் அலுவலகத்துக்கு எழுதி மட்டும் வேலை நடக்காது. கடை சென்னையில் இருப்பதால் சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள வணிகவரித் துறைக்கோ, நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலை ஜிஎஸ்டி பவனுக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். பில், பணம் அனுப்பிய ரசீது, போர்ட்டல் பக்கத்தின் அச்சு மூன்றையும் இணையுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். துறை நடவடிக்கை எடுத்தாலும் உங்கள் 54,000 ரூபாய் தானாகத் திரும்பாது. அதைக் கடைக்காரரிடம்தான் வசூலிக்க வேண்டும், நோட்டீஸ் அனுப்பியோ நுகர்வோர் ஆணையம், நீதிமன்றம் வழியாகவோ.

2B-யில் வராமலே கிரெடிட் எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிவரும், உங்கள் ஆடிட்டரிடம் உடனே சொல்லுங்கள்.

இன்னொன்று: பொருள் வாங்கும் அன்றே அந்தத் தேடல் பக்கத்தை, தேதி தெரியும்படி அச்செடுத்துப் பில்லோடு கோத்து வையுங்கள். ஒரு பதிவைத் துறை பின்தேதியிட்டும் ரத்து செய்யலாம். இன்று Active என்று காட்டும் நம்பர், அடுத்த வருடம் தேடும்போது நீங்கள் வாங்கிய தேதிக்கு முன்பே ரத்தானதாகக் காட்டக்கூடும். வாங்கிய நாளில் அது உயிரோடு இருந்ததற்கு அந்த அச்சைத் தவிர உங்கள் கையில் வேறு சாட்சி இருக்காது.