இருபடிச் சமன்பாடு: பழைய புத்தகமா, ஒரே ஒரு கணக்கா?

வியாசர்பாடி பக்கம் மாலை டியூஷனில் பத்தாம் வகுப்புப் பையன் இருபடிச் சமன்பாட்டில் திணறினால், பலரும் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தை முதலிலிருந்து நடத்துவார்கள். எதுவும் விடுபடாது, உண்மைதான். ஆனால் அவனுக்குத் தெரிந்ததும் அதில் சேர்ந்தே வரும், பரீட்சையும் வந்துவிடும்.

இன்னொரு வழி, தீர்த்த கணக்கு ஒன்றை வரிவரியாகப் பிரிப்பது. `6x² − 7x + 2 = 0` என்பதை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 12, கூட்டினால் −7 வர வேண்டும்: −3, −4. இதற்குக் குறை எண்கள் தெரிய வேண்டும். −7x-ஐ அப்படிப் பிரித்தால் `6x² − 3x − 4x + 2 = 0`. அடுத்து `3x(2x − 1) − 2(2x − 1) = 0`. இங்கேதான் "அண்ணா, பிளஸ் 2 எப்படி மைனஸ் 1 ஆச்சு?" என்ற கேள்வி வரும். கடைசியில் `3x − 2 = 0`, இது ஒருபடிச் சமன்பாடு, விடை 2/3. இன்னொரு காரணி 1/2 தரும்.

ஒவ்வொரு வரிக்கும் தனியாக ஒரு குட்டிக் கணக்கு கொடுங்கள். `−4x + 2`-இல் −2-ஐப் பொதுவாக வெளியே எடுக்கத் தடுமாறினால், திரும்பப் படிக்க வேண்டியது பங்கீட்டுப் பண்பு மட்டுமே.

எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் ஒரு கணக்கு அந்த முறைக்குத் தேவையானதை மட்டுமே காட்டும். `x² − 4x + 1 = 0` முழு எண் காரணிகளாகப் பிரியாது. அதற்கு வர்க்கப் பூர்த்தியும் √3-உம் வேண்டும். ஆகவே முறைக்கு ஒரு கணக்கு எடுங்கள். பாதிக்கு மேல் வரிகளில் தடுமாறுகிறவனுக்குப் பழைய புத்தகமே சரி.