பென்சில் பேக்கிங் வேலை என்று சொல்லி 8,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், தயவுசெய்து படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங், மாதம் 30,000 சம்பளம், சேரும்போதே 15,000 அட்வான்ஸ் என்று ஒரு விளம்பரம். எல்லோரும் புழங்கும் ஒரு சமூக வலைத்தளத்தில்தான் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோர் பையிலும் இருக்கிற ஒரு பென்சிலின் படம், கீழே ஒரு போன் நம்பர். அந்த நம்பரில் இருந்தவர்கள் என்னிடம் 8,500 ரூபாயை வாங்கிக்கொண்டு இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

பேசியவன் நல்ல தமிழில்தான் பேசினான். முதலில் மேடம் என்றான், இரண்டாவது போனிலேயே அக்கா ஆகிவிட்டேன். "தென்காசிப் பக்கமாக்கா? அங்க ஏற்கெனவே நம்ம கம்பெனிக்கு நிறைய லேடீஸ் வேலை பாக்குறாங்க. வாரம் ஒரு தடவை வண்டி வரும். பென்சில், காலி டப்பா எல்லாம் நாங்களே கொண்டு வந்து தருவோம். டப்பாவுக்குப் பத்து பென்சில், அவ்வளவுதான் வேலை." பிறகு, ஐடி கார்டு போட வேண்டும், பதிவுக் கட்டணம் 650 ரூபாய், முதல் சம்பளத்தோடு அது திரும்ப வந்துவிடும் என்றான்.

650 கட்டிய சில நிமிடங்களில் ஐடி கார்டு வந்தது. என் போட்டோ, என் பெயர், ஊழியர் எண், "பேக்கிங் ஸ்டாஃப்" என்று பதவி, ஓரத்தில் வட்ட முத்திரை, கையெழுத்து. என் பெயர் போட்ட ஒரு வேலை அட்டையை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். என்னை நம்ப வைத்தது அந்த அட்டைதான். அதை வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். ஒரே மாதிரி அட்டையை வைத்துக்கொண்டு போட்டோவையும் பெயரையும் மட்டும் மாற்றி ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். போனிலேயே இரண்டு நிமிட வேலை அது.

"என் மேல சந்தேகம்னா இந்தாங்கக்கா" என்று அவன் தன் ஆதார் படத்தையும் அனுப்பினான். பதிலுக்கு என் ஆதாரையும் பாஸ்புக் முதல் பக்கத்தையும் கேட்டு வாங்கினான். இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. அவன் அனுப்பிய ஆதார் அவனுடையதே இல்லை, எனக்கு முன்னால் ஏமாந்த யாரோ ஒருவருடையதாகத்தான் இருக்கும். நாளைக்கு என் ஆதாரை வேறு ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி அனுப்புவான்.

மறுநாள் வேறொரு குரல், டெலிவரிக்காரனாம். அட்டைப் பெட்டி நிரம்பிய வண்டியின் போட்டோ வந்தது. "கடையநல்லூர் தாண்டிட்டேன் அக்கா, ஒங்க சரக்கும் 15,000 கேஷும் வண்டியிலதான் இருக்கு. சரக்குக்கு டெபாசிட் 1,850 கட்டினாத்தான் கம்பெனியில பில் ஓபன் ஆகும்." கட்டினேன். அடுத்து, 15,000 அட்வான்ஸுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 2,700 ரூபாய். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது! அதையும் கட்டினேன். அப்புறம் ஆதாரில் இருக்கிற பெயரும் பாஸ்புக்கில் இருக்கிற பெயரும் ஒரு எழுத்து மாறுகிறது, ஃபைல் நின்றுவிட்டது, அதைச் சரிசெய்ய 3,300. இதற்கு முன் கட்டிய 5,200 உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்போது இன்னும் ஒன்று கட்டினால் எல்லாம் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் முதலில் 650 என்று சின்னதாக ஆரம்பித்து ஒவ்வொரு தடவையும் கூட்டுகிறார்கள். மொத்தம் 8,500.

வண்டி வரவே இல்லை. அவன் அனுப்பிய லொக்கேஷன் மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்றது. போன் போட்டால் சர்வர் டவுன். அப்புறம் மேனேஜர் மீட்டிங்கில். அப்புறம் "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைக்கா". பணத்தையாவது திருப்பிக் கொடு என்றதும் குரல் மாறியது. "அக்ரிமெண்ட் போட்டாச்சு, இப்ப கேன்சல் பண்ணா வக்கீல் நோட்டீஸ் வரும். ரீஃபண்டுக்கு ப்ராசஸிங் சார்ஜ் 1,200 கட்டுங்க." நான் கத்தினேன், லைன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த நம்பரும் எடுக்கவில்லை.

வங்கிக்குப் போனால் நீங்களேதானே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். ஸ்டேஷனில் ஒருவர், எட்டாயிரம்தானே என்றார். எட்டாயிரம்தானேவாம். எங்கள் வீட்டில் 8,500 என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

எங்கள் அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாக பீடி சுற்றுகிறாள். வீட்டில் இருந்தே செய்கிற வேலைதான் அதுவும். கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். அம்மா இலையை நனைத்து, வெட்டி, சுற்றி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி எடுத்துப் போவாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கட்டு சரியில்லை என்று கழிப்பார்கள், இலை குறைகிறது என்று சண்டை வரும், கூலியில் பிடிப்பார்கள். கஷ்டமான பிழைப்பு. ஆனால் வேலை தருவதற்கு முன்னால் இவ்வளவு பணம் கட்டு என்று இத்தனை வருஷத்தில் ஒரு கடைக்காரர்கூட அம்மாவிடம் கேட்டதில்லை. நிஜமான வேலையில் முதலில் சரக்கு வரும், பிறகு கூலி வரும். பிடித்தமும் வருகிற கூலியில்தான் நடக்கும், நம் பையிலிருந்து போகாது.

அந்த ஜிஎஸ்டி விஷயத்தையும் விசாரித்தேன். சரக்கையோ சேவையையோ விற்கிறவர் வாங்குகிறவரிடம் வசூலித்து அரசாங்கத்துக்குக் கட்டுவதுதான் ஜிஎஸ்டி. வேலைக்கு எடுத்த ஆளுக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது. சம்பளத்தில் பி.எஃப். பிடிப்பார்கள், வருமான வரி வந்தால் பிடிப்பார்கள், அதுவும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். உன் சம்பளத்துக்கு நீ முன்கூட்டி வரி அனுப்பு என்று ஒருவன் சொன்னால் அவன் திருடன், அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

சம்பளக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நூறு டப்பா, மாதம் 26 நாள், 2,600 டப்பா. அதற்கு 30,000 என்றால் ஒரு டப்பாவில் பென்சிலை அடுக்குவதற்கு மட்டும் பதினொரு ரூபாய்க்கு மேல் ஆகிறது. பத்து பென்சில் டப்பா கடையிலேயே ஐம்பது அறுபது ரூபாய்தான். அதில் மரம், கரி, பெயின்ட், கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். இதுபோக வண்டி வைத்து வீடு வீடாகப் போய் இறக்கி, திரும்ப ஏற்ற வேண்டும். எந்தக் கம்பெனி இப்படிச் செய்யும்? பென்சிலை டப்பாவில் போடுகிற வேலை ஃபேக்டரிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. பணம் அனுப்பும்போது யுபிஐ திரையில் யாருக்குப் போகிறது என்று பெயர் வரும். எனக்கு நான்கு தடவையும் நான்கு பெயர்கள் வந்தன, எல்லாமே தனி ஆட்கள். ஒன்றில்கூடக் கம்பெனிப் பெயர் இல்லை. கேட்டதற்கு "அது எங்க அக்கவுண்ட்ஸ் சார் பேரு" என்றான். அதெல்லாம் கமிஷனுக்கு வாடகைக்கு எடுத்த கணக்குகளாம், உள்ளே வந்த பணம் உடனே வேறு கணக்குக்குப் போய்விடுமாம். சைபர் க்ரைமில் சொன்னார்கள்.

பணம் போய்விட்டால் முதலில் 1930க்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்துவிட்டுத்தான் எனக்கு அந்த நம்பர் கிடைத்தது. பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் அதை முடக்கி வைக்க அவர்களால் முடியும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். போன் செய்யும்போது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள 12 இலக்க எண், தொகை, தேதி, எந்த யுபிஐ ஐடிக்குப் போனது என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். நான் பதிந்திருக்கிறேன், புகார் எண் கிடைத்திருக்கிறது. 8,500 வருமா என்று கேட்டால் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

ஆதார் கொடுத்திருந்தால் உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று sancharsaathi.gov.in தளத்தில் பார்க்கலாம். ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கவும் வழி இருக்கிறது. இரண்டையும் இன்று காலையில்தான் செய்தேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வேலை தருவதற்கு முன் 100 ரூபாய் கேட்டாலும் கட்டாதீர்கள். அதைப் பதிவுக் கட்டணம் என்பார்கள், டெபாசிட் என்பார்கள், திருப்பித் தருவோம் என்பார்கள். ஐடி கார்டு, முத்திரை, ஆதார் படம், வண்டி போட்டோ எதுவும் அத்தாட்சி இல்லை. பெரிய கம்பெனி பெயர் சொன்னால் அந்தப் பொருளின் அட்டையில் அச்சடித்திருக்கிற வாடிக்கையாளர் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள், அவன் தருகிற எண்ணுக்கு வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டினால் பயந்து மேலும் பணம் கட்டிவிடாதீர்கள்.

அப்புறம், இதே விளம்பரத்துக்குக் கீழே நான் ஏமாந்துவிட்டேன் என்று எழுதியதும் ஒருவன் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறான். சைபர் ஆபீசில் ஆள் இருக்கிறாராம், 8,500ஐயும் மீட்டுத் தருவாராம், ஃபைல் சார்ஜ் 900 ரூபாயாம். அவனும் அதே கூட்டம்தான். அவன் நம்பரையும் புகாரில் சேர்க்கப் போகிறேன்.