மைனர் கணக்கு: அம்மா இயக்குவதா, மகளே கையெழுத்துப் போடுவதா?

அக்கா மகளுக்கு 13 வயது. உதவித்தொகைக்காக அவள் பெயரில் சேமிப்புக் கணக்கு வேண்டும். வங்கியிலிருந்து இரண்டு படிவங்கள் வாங்கி வந்தோம். ஒன்றில் காப்பாளர் கணக்கை இயக்குவார், மற்றதில் அவளே இயக்குவாள். ரிசர்வ் வங்கியின் 2025 ஏப்ரல் சுற்றறிக்கைப்படி 10 வயது நிரம்பிய பிள்ளை விரும்பினால் தானே கணக்கு தொடங்கி நடத்தலாம். எவ்வளவு பணம் வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். அதனால் உச்சவரம்பை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

10 வயதுக்குக் கீழே என்றால் காப்பாளர் கணக்குதான். அதில் கவனிக்க வேண்டிய இடம் 'உறவுமுறை' கட்டம். அப்பா இருக்கும்போதே அம்மாவைக் காப்பாளராகப் போடலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்குத் தாத்தாவோ மாமாவோ காப்பாளர் ஆக வேண்டுமென்றால், வளர்த்தவர் என்பது மட்டும் போதாது. பொதுவாக நீதிமன்ற உத்தரவைக் கேட்பார்கள். காப்பாளரின் அடையாளச் சான்றும் கையெழுத்தும் சேர வேண்டும். பிள்ளையே இயக்கும் கணக்கில் இந்தச் சுமை குறைவு. அதற்குப் பதில், அவள் கையெழுத்து ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழ வேண்டும். ஒரு தாளில் பத்துத் தடவை போட்டுப் பார்த்தோம். நான்காவதிலேயே 'ழ' மாறிவிட்டது. ஒரு வாரம் பழகிய பிறகுதான் படிவத்தில் போட வைத்தோம்.

வயதுச் சான்றில் இரண்டு கணக்குக்கும் ஒரே சிக்கல். பிறந்தவுடன் பதிந்த சான்றிதழில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பெயரைப் பிறகு பதியாமலே விட்டவர்கள் நிறையப் பேர். அப்புறம் முன்னெழுத்து. எங்கள் சான்றிதழில் 'மு.' என்று மட்டும் இருந்தது, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. பிறந்த தேதி இரண்டிலும் 12.11.2012 என்று ஒத்துப்போனதால் தப்பித்தோம். தேதி ஒரு நாள் மாறியிருந்தாலும் முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு வங்கிக்குப் போவதே நல்லது. ஏனென்றால், அவள் மேஜர் ஆகும் நாளை வங்கி இந்தத் தேதியை வைத்துத்தான் கணக்கிடும்.

அந்த நாள் 12.11.2030. இரண்டு கணக்கும் அதிகம் வேறுபடுவது இங்கேதான். காப்பாளர் கணக்கு என்றால் அம்மாவின் கையெழுத்துக்கு அதற்குப் பிறகு மதிப்பில்லை. மகள் நேரில் போய் இருப்புத் தொகையை உறுதி செய்து, தன் மாதிரிக் கையெழுத்தையும் புதிய இயக்க அறிவுறுத்தலையும் தர வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை இதைத் தள்ளிப்போட்டால், பணம் எடுக்க வேண்டிய நேரத்தில் கணக்கு நின்றுவிடக்கூடும். தானே இயக்கும் கணக்கிலும் புதிய கையெழுத்து தர வேண்டும்தான். ஆனால் கை மாறுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

சரி, நாங்கள் இரண்டாவது படிவத்தைத்தான் நிரப்பினோம். கையெழுத்து இன்னும் நிலைக்காத பிள்ளைக்கு நான் முதலாவதையே சொல்வேன். ஆனால் 18-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிட வேண்டும்.